கோல்ட் ஸ்டார்ட்டும் நஸ்ரும்: அண்டை நாடுகளின் ஆயுதப் போட்டியைக் கட்டுரையில் விளக்குவது எப்படி?

இந்திய-பாகிஸ்தான் ஆயுதப் போட்டி பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "யதார்த்தவாதத்தின்படி நாடுகள் தங்கள் பாதுகாப்பையே தேடுகின்றன, அதனால் பாதுகாப்பு இக்கட்டு உருவாகி ஆயுதப் போட்டியில் முடிகிறது." இதைத் தவறு என்று அடிக்க முடியாது. ஆனால் இந்தியா, பாகிஸ்தான் என்ற பெயர்களை எடுத்துவிட்டு கிரீஸ், துருக்கி என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். எந்த ஆயுதம், யார் முதலில் அசைந்தார், மற்றவர் அதை எப்படிப் படித்தார் என்ற எதுவும் அதில் இல்லை. திருத்துகிறவர் அதற்குப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இந்தக் கோட்பாட்டை உருப்படியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை முழுவதும் அள்ளாமல், ஒரு நகர்வையும் அதற்கு வந்த பதில் நகர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கோட்பாடு சொல்கிறபடி அது நடந்ததா என்று படிப்படியாகப் பார்ப்பது. இங்கே நான் எடுத்துக்கொள்வது, 2004-ல் இந்தியத் தரைப்படை முன்வைத்த 'கோல்ட் ஸ்டார்ட்' என்ற போர்முறையையும், 2011-ல் பாகிஸ்தான் சோதித்த 'நஸ்ர்' என்ற குறுந்தூர ஏவுகணையையும். அதற்கு முன் கோட்பாட்டின் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

யதார்த்தவாதம் உண்மையில் என்ன சொல்கிறது

ஒரு நாட்டுக்குள் ஒருவர் இன்னொருவரை அடித்தால் போலீஸ் உண்டு, நீதிமன்றம் உண்டு. நாடுகளுக்கு நடுவே அப்படி மேலே இருந்து கேட்க யாரும் இல்லை. ஐ.நா. இருக்கிறது, ஆனால் அதற்கென்று சொந்தப் படை கிடையாது. பாதுகாப்பு மன்றத்தில் ஐந்து நாடுகளுக்கு ரத்து அதிகாரம் வேறு. இந்த நிலையைத்தான் யதார்த்தவாதிகள் 'அராஜக நிலை' என்கிறார்கள். இங்கே அந்தச் சொல்லுக்குக் குழப்பம், கலவரம் என்று பொருள் இல்லை. மேலதிகாரி இல்லாத நிலை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து நாட்டின் மனதில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்று நல்லவர் ஆட்சியில் இருக்கலாம், நாளை யார் வருவார் என்று தெரியாது. ஆனால் அந்த நாட்டிடம் எத்தனை டாங்கி, எத்தனை விமானம், எத்தனை ஏவுகணை என்று ஓரளவு எண்ணிவிடலாம். ஆகவே எண்ணத்தை விட்டுவிட்டு, எண்ணக்கூடியதை வைத்துத் திட்டமிடுகிறார்கள்.

'யதார்த்தவாதம்' என்று ஒரே சொல்லாகக் கட்டுரையில் எழுதினால் போதாது. ஹான்ஸ் மார்கெந்தாவ் போன்ற பழைய தலைமுறையினர், மனிதனுக்குள்ளேயே இருக்கும் அதிகார ஆசையிலிருந்து தொடங்கினார்கள். 1979-ல் கென்னத் வால்ட்ஸ் அந்தத் தொடக்கப் புள்ளியையே மாற்றினார். மனிதன் நல்லவனோ கெட்டவனோ, அராஜக நிலை என்ற அமைப்பே நாடுகளை ஒரே மாதிரி நடக்கத் தள்ளுகிறது என்றார். அவருக்குப் பின் இந்த அமைப்புவாதமும் இரண்டாகப் பிரிந்தது. நாடுகள் பிழைத்திருக்கப் போதுமான பாதுகாப்பைத்தான் தேடுகின்றன என்பது தற்காப்பு யதார்த்தவாதம். எவ்வளவு பலம் இருந்தாலும் போதாது, முடிந்தவரை பலத்தைக் குவிப்பதே பாதுகாப்பு என்பது தாக்குதல் யதார்த்தவாதம். ஜான் மியர்ஷைமர் இதில் முக்கியமான பெயர்.

இந்த வேறுபாடு நம் கட்டுரைக்கு ஏன் தேவை? பாதுகாப்பு இக்கட்டு என்ற கருத்துக்கு முழு வேலை கிடைப்பது தற்காப்பு யதார்த்தவாதத்தில்தான். 'இரண்டு பேருமே போதும் என்றுதான் நினைத்தார்கள், ஆனாலும் மாட்டிக்கொண்டார்கள்' என்பதுதான் அதன் சாரம். மார்கெந்தாவை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியில் பாதுகாப்பு இக்கட்டுக்குப் போனால், முதல் பத்தி ஆசையைப் பேசும், இரண்டாவது பத்தி பயத்தைப் பேசும். நடுவில் நூல் அறுந்துவிடும்.

பாதுகாப்பு இக்கட்டு

ஆங்கிலத்தில் செக்யூரிட்டி டைலமா என்று வழங்கும் இந்தப் பெயரை 1950-ல் ஒரு கட்டுரையில் வைத்தவர் ஜான் ஹெர்ஸ். ஒரு நாடு தன் பாதுகாப்புக்காக எடுக்கும் நடவடிக்கை, பக்கத்து நாட்டின் பாதுகாப்பைக் குறைக்கிறது. பக்கத்து நாடு பதிலுக்கு ஒன்று செய்கிறது. அது திரும்பி வந்து முதல் நாட்டின் பாதுகாப்பைக் குறைக்கிறது. செய்தாலும் ஆபத்து, செய்யாமல் இருந்தாலும் ஆபத்து என்று இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் உள்ளதைக் காத்துக்கொள்ளவே விரும்ப வேண்டும். ஒரு பக்கம் உண்மையிலேயே பிடுங்க நினைத்தால், மற்றவர் ஆயுதம் வாங்குவது தப்புக்கணக்கால் வந்த வினை அல்ல, சரியான கணக்கு. அங்கே இக்கட்டு என்று எதுவும் இல்லை, வெறும் ஆபத்துதான் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் இந்த நிபந்தனை பெரிய தலைவலி கொடுக்கப் போகிறது.

1978-ல் ராபர்ட் ஜெர்விஸ் இந்தக் கருத்தைச் சோதிக்கக்கூடியதாக மாற்றினார். அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். ஒன்று, அந்தச் சூழலில் முதலில் தாக்குவது லாபமா, தற்காத்து நிற்பது லாபமா? இரண்டு, ஒரு நாடு வாங்கும் ஆயுதத்தைப் பார்த்து இது தாக்கவா, தற்காக்கவா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? தாக்குவது லாபம், பிரித்துச் சொல்லவும் முடியாது என்றால் இக்கட்டு உச்சத்தில் இருக்கும். தற்காப்பது எளிது, பார்த்தாலே பிரித்துச் சொல்லலாம் என்றால் இக்கட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். எல்லையோரம் கட்டிய பதுங்குகுழியைத் தூக்கிக்கொண்டு யாரும் பக்கத்து நாட்டுக்குள் போக முடியாது. டாங்கி அப்படியில்லை.

கட்டுரையில் நீங்கள் சுமந்து போக வேண்டிய கருவி இந்த இரண்டு கேள்விகள்தான்.

மூன்று வாரம் பிந்திய படை

2001 டிசம்பர் 13 அன்று டெல்லியில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தது. பாகிஸ்தானில் இயங்கிய அமைப்புகள்தான் காரணம் என்று இந்தியா குற்றம் சாட்டி, 'ஆபரேஷன் பராக்ரம்' என்ற பெயரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் வீரர்களை எல்லைக்கு நகர்த்தியது.

அப்போது இந்தியத் தரைப்படையின் முதன்மைத் தாக்குதல் பலம் கோர் என்று சொல்லப்படும் மூன்று பெரிய படைப்பிரிவுகளில் குவிந்திருந்தது. அவற்றின் தலைமையகங்கள் மதுராவிலும் அம்பாலாவிலும் போபாலிலும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், போபால் எங்கே, ராஜஸ்தான் எல்லை எங்கே! டாங்கிகளை ரயிலில் ஏற்றி, இறக்கி, அணிவகுத்து முடிக்க மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்குள் பாகிஸ்தானும் தன் படையை எதிரே நிறுத்திவிட்டது. உலக நாடுகள் நடுவில் வந்தன. 2002 ஜனவரி 12 அன்று பர்வேஸ் முஷாரஃப் தொலைக்காட்சியில் தோன்றி, தீவிரவாத அமைப்புகளைத் தடை செய்வதாக அறிவித்தார். தாக்குவதற்கான நேரமும் அரசியல் காரணமும் கையை விட்டுப் போயின. ஏறத்தாழ பத்து மாதம் எல்லையில் நின்றுவிட்டு, 2002 அக்டோபரில் படை திரும்பத் தொடங்கியது.

இந்தியத் தரைப்படை இதிலிருந்து எடுத்த பாடம், நாம் மெதுவாக இருக்கிறோம் என்பது. 2004 ஏப்ரலில் கோல்ட் ஸ்டார்ட் என்ற யோசனை வெளியே வந்தது. மூன்று பெரிய கோர்களுக்குப் பதிலாக, டாங்கி, காலாட்படை, பீரங்கி எல்லாம் கலந்த எட்டுச் சிறிய போர்க்குழுக்கள். எல்லைக்கு அருகிலேயே இருந்து, உத்தரவு வந்த சில நாட்களில் பல இடங்களில் உள்ளே நுழைய வேண்டும். ஆழமாகப் போகக் கூடாது. பாகிஸ்தான் அணு ஆயுதத்தை எடுக்கும் அளவுக்குப் போகாமல், சில பத்து கிலோமீட்டர் நிலத்தைப் பிடித்து, அதை வைத்துப் பேரம் பேச வேண்டும்.

இனி இரண்டு மேஜைகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்டுரையின் நல்ல பகுதி இங்கேதான் கிடைக்கும்.

டெல்லி மேஜையிலிருந்து பார்த்தால் இது தற்காப்பு. ஒரு பெரிய தீவிரவாதத் தாக்குதலுக்குப் பதில் கொடுக்க முடியாமல் கைகட்டி நின்றோம். இனி விரைவாகப் பதில் கொடுக்க முடியும் என்று தெரிந்தால் அடுத்த தாக்குதலைத் தூண்டிவிடுகிறவர்கள் யோசிப்பார்கள். இலக்கும் சிறியது, பாகிஸ்தானை அழிப்பது நோக்கமில்லை.

ராவல்பிண்டி மேஜையில் பாகிஸ்தான் தரைப்படைத் தலைமையகம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் காட்சி வேறு. லாகூர் வாகா எல்லையிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லை. நாட்டின் முக்கியமான நகரங்களும் சாலைகளும் எல்லைக்கு இணையாக ஒரு பட்டையில் கிடக்கின்றன. பின்வாங்கி நின்று மூச்சுவிட இடம் இல்லை. இந்தியாவுக்கு மேலோட்டமாகத் தெரியும் சில பத்து கிலோமீட்டர், பாகிஸ்தானுக்கு உயிர்நிலை. முன்பெல்லாம் இந்தியப் படை கிளம்பினால் மூன்று வாரம் முன்னெச்சரிக்கை கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை. எட்டுக் குழுக்களும் நிற்கும் என்று சொன்ன இடத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் என்ன?

ஜெர்விஸின் இரண்டு கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். விரைவுதான் எல்லாம் என்பதால் முதலில் அசைகிறவருக்கு லாபம். எல்லையோரம் நிற்கும் டாங்கிக் குழு பதிலடிக்கா, படையெடுப்புக்கா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கேள்விக்கும் மோசமான பதில்.

அறுபது கிலோமீட்டர் ஏவுகணை

2011 ஏப்ரல் 19 அன்று பாகிஸ்தான் நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தது. தூரம் 60 கிலோமீட்டர் மட்டுமே. லாரியில் வைத்து நகர்த்தி, ஏவிவிட்டு உடனே இடத்தைக் காலி செய்துவிடலாம். அணு ஆயுதம் தாங்கும் என்று பாகிஸ்தான் ராணுவமே அறிவித்தது.

டெல்லி, மும்பையை எட்டும் ஏவுகணைகள் ஏற்கெனவே கையில் இருக்கும்போது 60 கிலோமீட்டர் ஏவுகணை எதற்கு? உள்ளே நுழைந்த இந்தியப் படைக்குழுவின் மீது, தேவைப்பட்டால் தன் மண்ணிலேயே வெடிப்பதற்கு. சிறிய நுழைவுக்காக ஒரு நகரத்தையே அழிப்பேன் என்று மிரட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். நுழைந்த படையை மட்டும் அடிப்பேன் என்றால் நம்பக்கூடும் என்பது கணக்கு. 2017 ஜூலையில் இன்னொரு நஸ்ர் சோதனைக்குப் பின், அன்றைய பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர் கமர் ஜாவேத் பாஜ்வா, கோல்ட் ஸ்டார்ட்டின் மேல் நஸ்ர் தண்ணீர் ஊற்றிவிட்டது என்ற பொருளில் பேசினார்.

கட்டுரை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு கூற்று கிடைப்பது பெரிய விஷயம். ஒன்று 2004-ல் நடந்தது, இன்னொன்று 2011-ல் நடந்தது என்பது மட்டும் காரண-விளைவு உறவைக் காட்டாது. பதில் கொடுத்தவரே 'அதற்குத்தான் இது' என்று சொல்லியிருந்தால் சங்கிலி இறுகுகிறது. ஆயுதத்தின் வடிவமும் சாட்சி சொல்கிறது. வெறும் கௌரவத்துக்காக ஏவுகணை செய்கிறவர் தூரத்தைக் கூட்டுவார், குறைக்க மாட்டார்.

சரி, இதன் பின் பாகிஸ்தான் பாதுகாப்பாகிவிட்டதா? குறுந்தூர அணு ஆயுதத்தை எல்லைக்கு அருகில் கொண்டு போய்த்தான் பயன்படுத்த முடியும். அங்கே அது எதிரியின் கையில் சிக்கலாம், அல்லது வான்தாக்குதலில் அழியலாம். ஆகவே 'இழப்பதற்கு முன் பயன்படுத்து' என்ற நெருக்கடி வரும். போர்க்களத்தில் இருக்கும் அதிகாரியிடம் முடிவை விடவேண்டிய நிலையும் வரலாம். இந்தியப் பக்கமும் நிம்மதி இல்லை. 2003 ஜனவரியில் வெளியான இந்தியாவின் அணுக் கொள்கை, எங்கே இருக்கும் இந்தியப் படையின் மீதும் அணு ஆயுதம் விழுந்தால் மிகப் பெரிய பதிலடி வரும் என்கிறது. ஒரு டாங்கிக் குழுவின் மீது விழுந்த சிறிய குண்டுக்காக ஒரு நாட்டின் நகரங்களை அழிப்பார்களா என்ற கேள்வியை நஸ்ர் எழுப்பிவிட்டது. இரண்டு பேரும் பாதுகாப்பைத் தேடி நடந்தார்கள், இரண்டு பேருக்கும் ஆபத்து கூடியது. ஹெர்ஸ் சொன்னது வரிக்கு வரி இதுதான்.

இந்தச் சங்கிலியில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது வேறொரு கண்ணி. 2010-ல் இந்தியத் தரைப்படைத் தலைவராக இருந்த வி.கே. சிங், கோல்ட் ஸ்டார்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். பின்னர் அதே பதவிக்கு வந்த பிபின் ராவத், 2017 ஜனவரியில் அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். நடுவில் அரசு அதை முறையாக ஏற்றதாகவோ, எட்டுக் குழுக்களும் முழுமையாக அமைந்ததாகவோ காட்ட ஆதாரம் இல்லை. ஆக, பாதிக்குப் பாதி காகிதத்தில் இருந்த ஒரு திட்டத்துக்கு உண்மையான ஏவுகணை பதிலாக வந்தது. எதிரியின் எண்ணம் தெரியாதபோது மோசமானதையே எதிர்பார்த்துத் திட்டமிடுவார்கள் என்று யதார்த்தவாதம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

கேடயமும் வாளாகும் இடம்

இதே காலத்தின் இன்னொரு சங்கிலியையும் தொட்டுவிடலாம், ஏனென்றால் மாணவர்கள் வழுக்குகிற இடம் அது. ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தற்காப்பு ஆயுதம்தானே, அது யாரையும் அச்சுறுத்தாதே என்று எழுதிவிடுகிறார்கள்.

அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே கணக்கு தலைகீழ். 'நீ அடித்தால் நானும் திருப்பி அடிப்பேன்' என்ற பரஸ்பர பயம்தான் அமைதியைக் காக்கிறது. ஒருவர் திருப்பி அடிப்பதைத் தடுக்கும் கேடயம் வைத்துக்கொண்டால், அவர் முதலில் அடித்துவிட்டுத் தப்பிக்க முடியும் என்று மற்றவர் நினைப்பார். இந்தியா 2006-ல் ஏவுகணைத் தடுப்புச் சோதனைகளைத் தொடங்கியது. 2017 ஜனவரியில் பாகிஸ்தான் அபாபீல் என்ற ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணையில் பல வெடிமுனைகள். வட்டாரத்தில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைத் தாண்டித் தன் ஏவுகணைகள் பிழைத்திருக்கவே இது என்று பாகிஸ்தான் ராணுவத்தின் அறிக்கையே சொன்னது. ஜெர்விஸின் இரண்டாவது கேள்விக்கு அணு யுகத்தில் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று காட்ட இந்த ஒரு பத்தி போதும்.

கோட்பாடு எங்கே நொண்டுகிறது

இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்தியது. இங்கேயே நிறுத்தினால் கட்டுரை சராசரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இக்கட்டின் நிபந்தனைக்குத் திரும்பினால்தான் அது நல்ல கட்டுரையாகும்.

இரண்டு பக்கமும் உள்ளதைக் காத்துக்கொள்ளவே விரும்பின என்று சொல்ல முடியுமா? காஷ்மீர் எல்லை இப்படியே இருக்கட்டும் என்று பாகிஸ்தான் ஒருநாளும் ஏற்றதில்லை. 1999-ல் கார்கிலில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து மலைமுகடுகளைப் பிடித்தது தப்புக்கணக்கால் வந்த பயம் அல்ல, நிலைமையை மாற்றும் முயற்சி. கோல்ட் ஸ்டார்ட் பிறந்ததே ஒரு தாக்குதலுக்குப் பின்தான். இந்தியத் தரப்பின் வாதம் இதில் வலுவானது: நாங்கள் பயந்தது கற்பனைக்கு அல்ல.

பாகிஸ்தான் தரப்புக்கும் பதில் உண்டு. 1971-ல் இந்தியப் படை தலையிட்டதில் நாடு இரண்டாகப் பிளந்தது. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் இந்தியாவின் ராணுவச் செலவு பாகிஸ்தானைப் போல எட்டு மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட அண்டை நாட்டைப் பார்த்து அஞ்சுவதற்கு யாரும் கற்பனைவளத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஜெர்விஸ் இதற்கும் வழி வைத்திருந்தார். பரஸ்பர பயத்தால் சண்டை முற்றுவது ஒரு மாதிரி. அதைச் சுழல் மாதிரி என்பார்கள். உண்மையான ஆக்கிரமிப்பாளரைத் தடுக்கத் தவறுவதால் சண்டை வருவது இன்னொரு மாதிரி. முதலாவதில் விட்டுக்கொடுத்தால் பதற்றம் தணியும். இரண்டாவதில் விட்டுக்கொடுத்தால் எதிரி துணிவான். என் கருத்தில் இந்திய-பாகிஸ்தான் உறவில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. காஷ்மீர்ச் சச்சரவு எப்படித் தொடங்கியது என்பதைப் பாதுகாப்பு இக்கட்டு விளக்காது. அந்தச் சச்சரவு ஏன் இந்த ஆயுதங்களாக, இந்த வரிசையில் வளர்ந்தது என்பதைத்தான் அது விளக்கும்.

சீனாவையும் மறந்துவிடக் கூடாது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் அக்னி-5 ஏவுகணை பாகிஸ்தானுக்காகச் செய்யப்பட்டதல்ல, லாகூரை அடிக்க அது தேவையில்லை. 1962 போர், 1964-ல் சீனா நடத்திய அணுச் சோதனை, 1974-ல் பொக்ரானில் இந்தியாவின் சோதனை என்று ஒரு வரிசை இருக்கிறது. சீனாவைப் பார்த்து இந்தியா வாங்குவதைப் பாகிஸ்தான் தன்னை நோக்கி வருவதாகப் படிக்கிறது. 'இரண்டு நாடுகள்' என்று தலைப்பு கேட்டாலும், மூன்றாவது நாட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

யதார்த்தவாதம் பார்க்காத இன்னொன்று, நாட்டின் உள்ளே நடப்பது. பாகிஸ்தானில் ராணுவம் வெறும் ஆயுதம் ஏந்திய துறை அல்ல, ஆட்சியைத் தீர்மானிக்கும் சக்தி. இந்தியா என்ற அச்சுறுத்தல் அதன் செல்வாக்குக்கும் பட்ஜெட்டுக்கும் நியாயம் தருகிறது. இந்தியாவிலும் 1998 அணுச் சோதனைகளுக்குப் பின்னால் கட்சி அரசியலும் தேசப் பெருமையும் இருந்தன. நாடு ஒரே மனிதன் போல யோசிக்கிறது என்ற வால்ட்ஸின் எளிமைப்படுத்தல் இங்கே இடிக்கிறது. இதை விமர்சனப் பகுதியில் சொல்லலாம், ஆனால் நீட்ட வேண்டாம். நீட்டினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

ஒரு பத்தியை எழுதிப் பார்ப்போம்

இதே விஷயத்தைப் பலவீனமாக எழுதினால் இப்படி இருக்கும்:

"இந்தியாவும் பாகிஸ்தானும் 1947 முதல் எதிரிகள். இரண்டும் அணு ஆயுத நாடுகள். இந்தியா கோல்ட் ஸ்டார்ட் கொண்டுவந்தது, பாகிஸ்தான் நஸ்ர் தயாரித்தது. இது பாதுகாப்பு இக்கட்டுக்கு எடுத்துக்காட்டு."

தகவல் எதுவும் தவறில்லை. ஆனால் கடைசி வாக்கியம் ஒரு ஸ்டிக்கர் போல ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டாலும் பத்தி மாறாது. இப்போது இதைப் பாருங்கள்:

"2004-ல் வெளியான கோல்ட் ஸ்டார்ட்டை இந்தியா பதிலடி ஏற்பாடாகக் கருதியது. ஆனால் எல்லையோரம் விரைவாக நகரும் கவசப்படையைப் படையெடுப்பிலிருந்து பிரித்தறிய முடியாது. லாகூர் போன்ற நகரங்கள் எல்லைக்கு அருகில் இருப்பதால் காத்திருந்து பார்க்கும் வசதியும் பாகிஸ்தானுக்கு இல்லை. ஆகவே ஜெர்விஸின் கணிப்புப்படி, நோக்கத்தை விட்டுவிட்டுத் திறனுக்குப் பதில் கொடுத்தது. அந்தப் பதில் 60 கிலோமீட்டர் மட்டும் பாயும் அணு ஏவுகணையாக அமைந்தது, குறிவைக்கப்பட்டது இந்திய நகரங்கள் அல்ல, உள்ளே நுழையும் படை என்பதைக் காட்டுகிறது. ஆனால் கோல்ட் ஸ்டார்ட்டுக்கே 2001 தாக்குதல் தூண்டுதலாக இருந்ததால், இதைத் தூய பாதுகாப்பு இக்கட்டு என்று கொள்ள முடியாது."

இரண்டாவது பத்தியில் கோட்பாடு வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டால் பத்தி சரிந்துவிடும். பத்தியை எழுதி முடித்ததும் கோட்பாட்டுச் சொற்களை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் திரும்ப எழுத வேண்டும்.

மாறுபட்ட ஒரு ஜோடி

நேரமிருந்தால் ஒப்பீட்டுக்கு பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் அண்டை நாடுகள், நீண்ட காலப் போட்டியாளர்கள். இரண்டிலும் அணு எரிபொருள் செறிவூட்டும் முயற்சிகள் ரகசியமாக நடந்தன. அதே அராஜக நிலைதான். யதார்த்தவாதம் மட்டும் போதும் என்றால் அங்கேயும் அணுகுண்டு உருவாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ராணுவ ஆட்சிகள் போன பின் 1985-ல் இரு ஜனாதிபதிகளும் பேச்சைத் தொடங்கினார்கள். 1987-ல் பிரேசில் ஜனாதிபதி ஜோசே சார்னே அர்ஜென்டினாவின் பில்கானியேவில் உள்ள செறிவூட்டும் ஆலைக்கே அழைத்துச் செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா ஜனாதிபதி ரவுல் அல்ஃபோன்சின் பிரேசிலின் அரமார் மையத்தைப் பார்த்தார். 1991-ல் ஒருவரை ஒருவர் சோதிக்க ஒரு கூட்டு அமைப்பே உருவானது.

ஜெர்விஸின் மொழியில், ஆலையைத் திறந்து காட்டியதன் மூலம் 'பிரித்தறிய முடியாது' என்ற பிரச்சினையை அவர்கள் தீர்த்துக்கொண்டார்கள். அங்கே காஷ்மீர் போல ஒரு நிலத் தகராறு இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு 'அவர்களால் முடிந்தது, இவர்களால் ஏன் முடியவில்லை' என்று கேட்பது நியாயமான ஒப்பீடு ஆகாது.

இந்தியாவும் பாகிஸ்தானும் இந்தத் திசையில் எதுவுமே செய்யவில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்க 2005-ல் ஓர் உடன்பாடு வந்தது. ஆனால் விமானம் போலத் தாழ்வாகப் பறந்து செல்லும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை.

2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதுவும் குரூஸ் ஏவுகணைதான். இரண்டு நாள் கழித்து, தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா ஒப்புக்கொண்டது. பிறகு விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். மோசமானதையே எதிர்பார்த்துத் திட்டமிடும் நாடு அன்று உடனே திருப்பி அடித்திருக்க வேண்டும். பாகிஸ்தான் கண்டித்தது, கூட்டு விசாரணை கேட்டது, ஆனால் ஏவுகணை எதையும் ஏவவில்லை. பரஸ்பர அணுப் பயம் கையைக் கட்டியதா, அல்லது ஒற்றை ஏவுகணை விழுவது போரின் தொடக்கம் போல் இல்லை என்று கணித்தார்களா? முதல் பதிலை யதார்த்தவாதத்துக்குள்ளேயே வைத்து வாதிடலாம். இரண்டாவதை எடுத்தால், எதிரியின் எண்ணத்தையும் சில நேரம் படிக்க முடியும் என்று ஒப்புக்கொண்டு, இந்தக் கட்டுரை தொடங்கிய இடத்தில் போட்ட கணக்கையே திருத்த வேண்டியிருக்கும்.